வெக்கை ராத்திரியும் டயபரும்: சிவப்பு எந்த இடத்தில் இருக்கிறது?

"அக்கா, நாங்கள் தங்கச்சிமடம். பையனுக்கு ஏழு மாசம், எட்டு கிலோ இருக்கான். ராத்திரி தூளியில்தான் தூங்குவான். ஒன்பது மணிக்குப் போடுற டயபரைக் காலை ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன், பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கு. பத்து நாளாக இடுப்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக இருக்கு, தொடை ஓரத்தில் கோடு மாதிரி, பின்பக்கமும் சிவந்திருக்கு. இன்னும் அதிகம் உறிஞ்சுற டயபர் வாங்கவா, பெரிய சைஸ் போடவா, இல்லை டயபரே அவனுக்கு ஒத்துக்கலையா?"

தங்கச்சி, நீங்கள் மூன்று இடம் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வியும் மூன்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று இடங்களும் பெரும்பாலும் மூன்று தனித்தனிக் காரணத்தால் சிவந்தவை. அதனால் ஒரே ஒரு மாற்றத்தால் எல்லாம் சரியாகாது. மண்டபத்திலிருந்து தொண்டி வரை இந்தக் கரையில் பதினான்கு வருடமாகச் செவிலியராக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சிவப்பு வந்தவுடன் எல்லோரும் முதலில் கம்பெனியை மாற்றுகிறார்கள். அதற்கு முன்னால் பையனைப் பகல் வெளிச்சத்தில் பாயில் படுக்கவைத்து, தொடை மடிப்பை விரலால் விரித்து, சிவப்பு எந்த இடத்தில் தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என்ன மாற்ற வேண்டும் என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

பின்பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். புட்டத்தின் மேடான பகுதி, அடிவயிறு, விதைப்பை என்று ஈரமான பஞ்சு அழுத்துகிற இடங்களில் மட்டும் சிவந்து, மடிப்பின் உள்ளே தோல் சாதாரணமாக இருந்தால், அது ஈரத்தால் வந்தது. தோல் வெகுநேரம் ஈரத்தில் ஊறினால் மெத்தென்று ஆகி, லேசான உராய்வுக்கே உரிந்துவிடும். அதோடு மலமும் சேர்ந்தால் நிலைமை மோசம். மலத்தில் இருக்கும் கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக்கும். அமோனியா தோலின் லேசான புளிப்புத்தன்மையைப் போக்கிவிடும். அப்போது மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் வேகம் பிடித்துத் தோலையே அரிக்கத் தொடங்கும். சிறுநீர் மட்டும் என்றால் கொஞ்ச நேரம் தாங்கலாம். மலம் போயிருந்தால் நடு ராத்திரியானாலும் உடனே மாற்றித்தான் ஆக வேண்டும்.

இடுப்பைச் சுற்றி வந்திருக்கும் பொடி, குண்டூசித் தலை அளவில் தனித்தனியாக இருந்தால் அது வேர்க்குரு. எலாஸ்டிக் பட்டிக்கு அடியில் வியர்வை வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொள்வதால் வருகிறது. எவ்வளவு உறிஞ்சும் டயபர் வாங்கினாலும் இது போகாது, ஏனென்றால் பஞ்சு அங்கே இல்லை.

தொடைக் கோட்டைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். கோடு மடிப்புக்கு வெளியே, டயபரின் ஓரம் உட்காரும் இடத்தில் இருந்தால் அது எலாஸ்டிக்கின் உராய்வு. மடிப்பின் ஆழத்துக்குள்ளேயே ரத்தச் சிவப்பாக, பளபளப்பாக இருந்து, அதைச் சுற்றி சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் மருந்து குடித்த பிறகோ வயிற்றுப்போக்குக்குப் பிறகோ வந்திருந்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அதற்கு டயபர் மாற்றுவது மருந்து ஆகாது. குழந்தை டாக்டரைப் பார்த்துப் பூஞ்சைக்கான களிம்பு வாங்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. 12 மணி நேரம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பது, அவ்வளவு நேரத்துச் சிறுநீரை ஒழுகாமல் பிடித்துவைக்கும் என்பதற்கான கணக்கு. தோல் அவ்வளவு நேரம் தாங்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. அதுவும் நம் கரையில். பாம்பன் பக்கம் பகல் வெயில் மதுரை அளவுக்கு ஏறாது, ஆனால் மே மாதத்தில் ராத்திரியிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது, கடல் ஈரமும் காற்றில் நிறைந்திருக்கும். நல்ல டயபர்களின் வெளித்தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தண்ணீர் போகாது, ஆவி மட்டும் போகும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் வெளிக்காற்றின் ஈரத்துக்கும் வித்தியாசம் அதிகம் இருந்தால்தான் ஆவி விறுவிறுவென்று வெளியேறும். இங்கே வெளியிலும் ஈரம் என்பதால் அதே டயபர் நம் வீட்டில் குறைவாகத்தான் மூச்சு விடும். அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பாதியைத்தான் இந்த மாதங்களில் நான் கணக்கில் எடுப்பேன்.

உங்கள் பையனுக்கு எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 2 மில்லி சிறுநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கிலோ, ஒன்பது மணி நேரம் என்றால் 144 மில்லி. ஒரு தடவைக்கு 50, 60 மில்லி போவான் என்றால் ராத்திரிக்கு மூன்று தடவை. நடுவில் பால் நிறையக் குடித்தால் 200 மில்லி வரை போகலாம். நடுவில் ஒரு தடவை மாற்றவும் போகிறோம் என்பதால், 180 மில்லியை வாங்கிக்கொண்டும் மேல்தாள் உலர்வாக இருக்கிற டயபர் உங்களுக்குப் போதும். அதற்கு மேல் விலை கொடுத்து அதிகம் உறிஞ்சும் டயபர் வாங்கினால், கழற்றும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் அது உதவும்.

கையில் இருக்கும் டயபர் இந்த அளவுக்குத் தாங்குமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். பலர் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, "அப்படியே குடிச்சிருச்சு, நல்ல டயபர்" என்கிறார்கள். அது ஏமாற்றிவிடும். டயபருக்குள் இருக்கும் சர்க்கரை போன்ற பொடி, சோடியம் பாலிஅக்ரிலேட். வெறும் தண்ணீரில் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். உப்பு கலந்த நீரில் அதே பொடி 30 மடங்கு, 50 மடங்கோடு நின்றுவிடும். சிறுநீர் உப்பு நீர்தானே. அதனால் சோதனையும் உப்பு நீரில்தான் செய்ய வேண்டும்.

அரை லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய முக்கால் டீஸ்பூன் பொடியுப்பு போடுங்கள். அது ஏறக்குறைய நாலரை கிராம் வரும். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் பொடியை இன்னும் முடக்கும், நல்ல டயபரும் தோற்றுவிடும். கை பொறுக்கிற வெதுவெதுப்பில், பால் பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்து 60 மில்லி எடுத்து, பையன் என்பதால் டயபரின் முன்பக்கமாக ஊற்றுங்கள். பெண் குழந்தை என்றால் நடுவில். பத்து நிமிடம் விட்டு இன்னொரு 60, மறுபடி பத்து நிமிடம் விட்டு இன்னொரு 60. கடைசிப் பத்து நிமிடமும் போன பிறகு, நாலாக மடித்த காய்ந்த வேட்டித் துணியை அதன்மேல் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு நிமிடம் நிறுத்தி எடுங்கள். துணியில் லேசாகக் குளிர்ச்சி தட்டினால் பரவாயில்லை. கையில் ஈரம் ஒட்டுகிற அளவுக்கு நனைந்தால், அந்த டயபர் உங்கள் பையனின் தோலையும் ராத்திரி முழுக்க அப்படித்தான் நனைத்துவைக்கும்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் ஒரு வீட்டில் இதைச் செய்து காட்டினேன். அந்தப் பாட்டி தடிமனாகப் பொதுபொதுவென்று இருக்கும் டயபர்தான் நல்லது என்று பிடிவாதமாக இருந்தார். பஞ்சு அதிகமும் பொடி குறைவுமான அந்த டயபரில், இரண்டாவது 60 மில்லியிலேயே துணி நனைந்துவிட்டது. அவர் மகள் வாங்கிவைத்திருந்த மெல்லிய டயபரில் மூன்றாவதுக்குப் பிறகும் துணி ஏறக்குறைய காய்ந்தே இருந்தது. பஞ்சு வாங்கிய நீரை அழுத்தினால் திருப்பி விட்டுவிடும், பொடி ஜெல்லியாக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடையில் தடிமனை வைத்து எடை போடாதீர்கள். ஒரு சின்னப் பாக்கெட் வாங்கி, அதில் ஒன்றைச் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள்.

டயபரில் மஞ்சள் கோடு நீலமாக மாறுகிற வகையும் உண்டு. அந்தக் கோடு முதல் தடவை நனைந்ததுமே மாறிவிடும். நனைந்துவிட்டது என்று மட்டும்தான் அது சொல்கிறது, நிறைந்ததா என்று சொல்லாது. அப்புறம், காலையில் பையனின் தோலில் கண்ணாடி மணி மாதிரி ஜெல்லி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அது விஷமல்ல, துடைத்துவிடுங்கள். ஆனால் டயபர் கிழிந்திருக்கிறது அல்லது அளவுக்கு மேல் நிறைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

தூளியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயபர் செய்கிறவர்கள் தூளியை நினைத்துச் செய்வதில்லை. கட்டிலில் படுத்த குழந்தைக்குச் சிறுநீர் நடுப்பஞ்சு முழுக்கப் பரவும். தூளியில் இடுப்புதான் பள்ளம். உடம்பு வளைந்து, எடை முழுக்க புட்டத்தில் இறங்கி, ஈரம் அங்கேயே தேங்கும். இரண்டு பக்கமும் சேலை இறுக்கிப் பிடிப்பதால் டயபரின் வெளித்தாளும் அடைபட்டுவிடும். ஆவி போகத் துளை இருந்தும் போக இடமில்லை. அதிலும் நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலையில் கட்டிய தூளி என்றால் வேர்க்குரு உறுதி. உங்கள் பையனுக்குப் பின்பக்கமும் இடுப்பும் சேர்ந்து சிவந்திருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தூளி கட்டினால் பழைய பருத்திச் சேலையில், கொஞ்சம் அகலமாக விரிந்து கிடக்கும்படி கட்டுங்கள். முடிந்தால் தூங்கவைக்க மட்டும் தூளி வைத்துக்கொண்டு, கண் அசந்ததும் மின்விசிறிக்குக் கீழே பாயில், கெட்டியான சமதளத்தில், மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

பெரிய சைஸ் போட்டால் காற்றோட்டமாக இருக்கும் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நம் பாவாடை, சட்டைக்கு அது சரி. டயபரில் அப்படி நடக்காது. பாக்கெட்டுகளில் பொதுவாக எஸ் சைஸ் 4 முதல் 8 கிலோ, எம் 7 முதல் 12, எல் 9 முதல் 14 என்று போட்டிருப்பார்கள். எட்டு கிலோவுக்கு எம்தான். எல் போட்டால் தொடை ஓரத்தில் இடைவெளி விழும், ஈரம் கனத்ததும் நடுப்பகுதி தொங்கும், தொங்கும்போது ஓரம் தொடையில் தேய்ந்துகொண்டே இருக்கும். இப்போது இருக்கும் கோடு இன்னும் ஆழமாகும். இன்னும் எஸ் போட்டுக்கொண்டிருந்தால், எட்டு கிலோ அதன் கடைசி எல்லை, உடனே எம்முக்கு மாற்றுங்கள்.

சைஸ் பொருந்துகிறதா என்பதைப் பையன் பால் குடித்து வயிறு நிறைந்திருக்கும்போது பாருங்கள். வயிற்றுக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். தொடை ஓரத்தில் இருக்கும் மெல்லிய மடிப்புத்தாள் உள்ளே சுருண்டிருந்தால் விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். பாதி வீடுகளில் கோடு விழுவதற்கு இந்தச் சுருட்டல்தான் காரணம். டயபரைக் கழற்றியதும் லேசான தடம் இருக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும். அரை மணி கழித்தும் சிவப்பாக நின்றால் இறுக்கம்.

ஜட்டி மாதிரி மாட்டுகிற டயபரா, ஒட்டுகிற டயபரா என்று கேட்டால், வெயில் காலத்து ராத்திரிக்கு நான் ஒட்டுகிற வகையைச் சொல்வேன். மாட்டுகிற வகையில் இடுப்பைச் சுற்றி முழுக்க எலாஸ்டிக். உங்கள் பையனுக்குப் பொடி வந்திருப்பது அதே வட்டத்தில்தான். ஒட்டுகிற வகையில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தூக்கத்தைக் கலைக்காமல் திறந்தும் பார்க்கலாம். தவழத் தொடங்கிய குழந்தைக்குப் பகலில் அதை ஒட்டுவது பெரும்பாடு என்பது உண்மைதான். பகலுக்கு வேறு வழி இருக்கிறது, சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி, ஒத்துக்கொள்ளவில்லையா என்பது. நிஜமான ஒவ்வாமை குறைவு. அது வந்தால் டயபரின் ஏதாவது ஒரு பாகத்தின் வடிவத்தை அப்படியே அச்செடுத்த மாதிரி வரும். ஒட்டுப்பட்டி தொடும் இடுப்பின் வெளிப்பக்கத்தில் மட்டும், அல்லது கலர் படம் அச்சடித்த இடத்துக்கு நேரே மட்டும், அல்லது ரப்பர் நெடுக மட்டும். அரிப்பும் இருக்கும். அந்த டயபரை நிறுத்தினால் சில நாளில் வற்றி, திரும்பப் போட்டதும் அதே இடத்தில் வரும். உங்கள் பையனுக்கு அப்படித் தெரியவில்லை. ஈரத் துடைப்பான் எனப்படும் வைப்ஸ் பயன்படுத்துகிறீர்களா? துடைத்த இடமெல்லாம் சிவந்திருந்தால் சந்தேகம் அதன்மேல்தான் போக வேண்டும். அதிலுள்ள வாசனையும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும் டயபரைவிட அதிகம் தொந்தரவு தருபவை. இந்த மாதங்களில் அதை விட்டுவிட்டு, தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால், கடைசியாக ஒரு சொம்பு காவிரித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மருந்துக்கடையில் "டயபர் புண்ணுக்கு" என்று கேட்டு, கையில் கொடுக்கும் டியூபைத் தடவாதீர்கள். என் அக்கா மகளுக்கே ஒரு கடையில் அப்படிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் விட்டு விட்டுத் தடவியதில் தொடைத் தோல் காகிதம் போல மெலிந்து, நரம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. டியூபை வாங்கிப் பார்த்தால் குளோபெட்டசால். அது வீரியமான ஸ்டீராய்டு. டயபர் மூடியிருக்கும் இடத்தில் அது பல மடங்கு உள்ளே இறங்கும். டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். ஈரத்தைத் தடுக்க துத்தநாக ஆக்சைடு களிம்போ சாதாரண வாஸ்லினோ போதும். சிவந்த இடத்தில் மட்டும், தோல் காய்ந்த பிறகு தடவுங்கள். வழியவழியத் தடவினால் அது டயபரின் மேல்தாளில் ஒட்டி, ஈரம் உள்ளே போகிற வழியை அடைத்துவிடும். வேர்க்குரு இருக்கும் இடுப்பில் எந்தக் களிம்பும் எண்ணெயும் வேண்டாம், அங்கே காற்றுதான் மருந்து. பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? ஒன்பது மணிக்கு டயபர் போடும் முன் கால் மணி நேரம் வெறும் உடம்பாக விடுங்கள். ஒன்றரை மணிவாக்கில் பாலுக்கு எழுந்திருப்பான் அல்லவா, அப்போது ஒரு தடவை மாற்றுங்கள். அதாவது ராத்திரிக்கு இரண்டு டயபர். செலவு யோசிப்பீர்கள் என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களில் ஒரு டயபரை இன்னும் இரண்டு மணி நேரம் இழுப்போம் என்றுதான் எந்த வீட்டிலும் தோன்றும். அந்தக் காசைப் பகலில் மிச்சப்படுத்துங்கள். பகலில் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணி கட்டி, நனைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி மட்டும் போடக் கூடாது, அது மலிவான டயபரைவிடக் கெடுதல். துணியை உவர்ப்புத் தண்ணீரில் துவைத்தால் சோப்பு முழுக்கப் போகாமல் அட்டை மாதிரி விறைக்கும், அந்த விறைப்பே தோலைச் சிராய்க்கும். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்கி, வெயிலில் காயவையுங்கள். பிரித்த டயபர் பாக்கெட்டையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் கடல் காற்றின் ஈரத்தை அந்தப் பொடி இப்போதே குடிக்கத் தொடங்கும்.

பகலில் துணி கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெக்கையில் குழந்தைக்கு உடம்பில் நீர் குறைந்தால் முதலில் சிறுநீர்தான் குறையும். நன்றாக உறிஞ்சும் டயபர் அதை மறைத்துவிடும், தொட்டால் எப்போதும் காய்ந்தே இருக்கும். துணியில் எத்தனை தடவை நனைத்தான் என்று கண்ணுக்குத் தெரியும். ஆறு மணி நேரத்துக்கு மேல் நனைக்கவே இல்லை, வாய் உலர்ந்து சோர்ந்து கிடக்கிறான் என்றால், டயபர் புண்ணை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பின்பக்கச் சிவப்பு இரண்டு மூன்று நாளில் வெளிறத் தொடங்க வேண்டும், இடுப்புப் பொடி அதற்கும் முன்னாலேயே அடங்கலாம். தொடைக் கோடு மடிப்புக்கு உள்ளே இருந்தாலோ, மூன்று நாளில் எதுவும் குறையவில்லை என்றாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று ஏதாவது வந்தாலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது டயபர் பாக்கெட், வைப்ஸ் உறை, இதுவரை தடவிய டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முந்தின ராத்திரி எந்தக் களிம்பும் தடவாமல் விடுங்கள், அப்போதுதான் அவருக்குச் சிவப்பு உள்ளபடி தெரியும்.